வட்டி குட்டி போட்டுக்கொண்டே இருந்தால்: e என்ற எண் பிறந்த கதை

நூறு ரூபாயை ஒருவருக்குக் கடனாகக் கொடுக்கிறீர்கள். வட்டி வருஷத்துக்கு நூறு சதவீதம். இது அநியாய வட்டிதான். ஆனால் கணக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்வோம். வருஷக் கடைசியில் அசல் நூறு, வட்டி நூறு, ஆக இருநூறு ரூபாய் கைக்கு வரும்.

இப்போது ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் மாற்றுங்கள். வட்டியை வருஷத்துக்கு ஒரு முறை சேர்க்காமல், ஆறு மாதத்துக்கு ஒரு முறை அசலோடு சேர்க்க வேண்டும். வட்டி விகிதம் அதேதான். ஆறு மாதம் என்பது பாதி வருஷம், எனவே பாதி வட்டி, அதாவது 50 ரூபாய். அது அசலோடு சேர்ந்து 150 ஆகிறது. அடுத்த ஆறு மாதத்தில் இந்த 150க்குப் பாதி, 75 ரூபாய் வட்டி. மொத்தம் 225.

இருபத்தைந்து ரூபாய் கூடுதலாக எங்கிருந்து வந்தது? முதல் பாதியில் பிறந்த 50 ரூபாய் வட்டி, இரண்டாம் பாதியில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தானும் ஒரு வட்டியை ஈன்றது. வட்டி குட்டி போடுகிறது என்று ஊரில் சொல்வார்களே, அது இதைத்தான்.

சரி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை சேர்த்தால்? 244.14 ரூபாய். மாதாமாதம் சேர்த்தால் 261.30. தினந்தோறும் சேர்த்தால் 271.46. அடிக்கடி சேர்க்கச் சேர்க்கத் தொகை ஏறிக்கொண்டே போகிறது. அப்படியானால் மணிக்கு ஒரு முறை, நொடிக்கு ஒரு முறை, நொடியையும் நறுக்கி அதற்குள் ஆயிரம் முறை என்று போய்க்கொண்டே இருந்தால் நூறு ரூபாய் ஒரே வருஷத்தில் கோடியாகிவிடுமா?

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த யாக்கோப் பெர்னூலி 1690இல் ஏறக்குறைய இதே கேள்வியை எடுத்துக்கொண்டார். அவருக்குக் கிடைத்த விடை: கோடியும் ஆகாது, மூன்று மடங்குகூட ஆகாது. இரண்டரை மடங்குக்கு மேல், மூன்று மடங்குக்குக் கீழ் ஓர் இடத்தில் அது நின்றுவிடும். அந்த இடத்தில் இருக்கும் எண்ணுக்குத்தான் பிற்பாடு e என்று பெயர் வந்தது.

அது ஏன் நிற்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். பல பாடப்புத்தகங்கள் அட்டவணையை மட்டும் காட்டிவிட்டு, "பாருங்கள், 2.718ஐ நெருங்குகிறது" என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன. எண்கள் நெருங்குவதைப் பார்ப்பது வேறு, ஏன் நெருங்குகின்றன என்று புரிவது வேறு.

முதலில் சூத்திரத்தை எழுதிவிடுவோம். வருஷத்தை n சம பாகங்களாகப் பிரித்தால் ஒவ்வொரு பாகத்துக்கும் வட்டி 1/n பங்கு. அதாவது ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் கையிருப்பு (1 + 1/n) மடங்காகும். இப்படி n முறை நடப்பதால் ஒரு ரூபாய் வருஷக் கடைசியில்

(1 + 1/n)^n

ரூபாய் ஆகும். n என்பது 2 ஆனால் 1.5 × 1.5 = 2.25. நாம் பார்த்த 225 ரூபாய் இதுதான்.

இந்தச் சூத்திரத்தை முதன்முறை பார்ப்பவர்களுக்கு இரண்டு எண்ணங்கள் வரும். n மிகப் பெரிதானால் அடைப்புக்குள் இருப்பது 1க்கு மிக அருகில் வந்துவிடும், 1ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1தானே என்பது ஒன்று. 1ஐவிடச் சற்றே பெரிய எண்ணைக் கணக்கில்லாமல் பெருக்கினால் அது எல்லை மீறிப் போகாதா என்பது இன்னொன்று. இரண்டுமே பாதி உண்மைதான். வட்டியின் அளவு சிறுத்துக்கொண்டே போகிறது, சேர்க்கும் தடவை பெருகிக்கொண்டே போகிறது. ஒன்று கீழே இழுக்கிறது, மற்றது மேலே இழுக்கிறது. எது ஜெயிக்கும் என்பது சூத்திரத்தை வெறுமனே பார்த்தால் தெரியாது. பணத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்துப் பார்த்தால் தெரியும்.

தலைமுறைக் கணக்கு

மூன்று மாதத்துக்கு ஒரு முறை சேர்க்கும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு காலாண்டுக்கும் வட்டி 25 சதவீதம். வருஷக் கடைசியில் 244.14 ரூபாய் கையில் இருக்கிறது. அதில் எந்த ரூபாய் யாருக்குப் பிறந்தது என்று பார்ப்போம்.

அசல் 100 ரூபாய். அது தாய். அந்த அசல் ஒவ்வொரு காலாண்டிலும் 25 ரூபாய் ஈனுகிறது. நான்கு காலாண்டுக்கும் சேர்த்து 100. இவை பிள்ளைகள்.

அடுத்து இந்தப் பிள்ளைகள் ஈன்ற பேரப்பிள்ளைகள், அதாவது வட்டிக்கு வட்டி. முதல் காலாண்டில் வட்டிப் பணம் எதுவும் கையில் இல்லை, எனவே பேரப்பிள்ளை இல்லை. இரண்டாம் காலாண்டின் தொடக்கத்தில் 25 ரூபாய் வட்டி இருக்கிறது, அதில் கால் பங்கு 6.25. மூன்றாம் காலாண்டில் 50 ரூபாய் இருக்கிறது, அதற்கு 12.50. நான்காவதில் 75 ரூபாய், அதற்கு 18.75. கூட்டினால் 37.50.

பேரப்பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் உண்டு. மூன்றாம் காலாண்டு தொடங்கும்போது பேரப்பிள்ளைப் பணம் 6.25 இருக்கிறது, அதற்குக் கால் பங்கு 1.56. நான்காம் காலாண்டில் அது 18.75, அதற்கு 4.69. ஆகக் கொள்ளுப்பேரன்கள் 6.25 ரூபாய். அதற்கும் அடுத்த தலைமுறை நான்காம் காலாண்டில் மட்டும் பிறக்கிறது, வெறும் 39 காசு. அதோடு வருஷம் முடிந்துவிடுகிறது.

100 + 100 + 37.50 + 6.25 + 0.39 = 244.14. ஒரு காசு பிசகாமல் வந்துவிட்டது.

இப்போது ஒவ்வொரு தலைமுறையையும் தனித்தனியாகக் கவனியுங்கள். தாயும் பிள்ளைகளும் மாறுவதே இல்லை. எத்தனை முறை சேர்த்தாலும் அசல் 100, அசலுக்கான வட்டி 100. மாறுவதெல்லாம் பேரப்பிள்ளையிலிருந்து கீழே இருப்பவர்கள்தான். எனவே பேரப்பிள்ளைப் பணம் அதிகபட்சம் எவ்வளவு போக முடியும் என்று கேட்க வேண்டும்.

வட்டி நூறு சதவீதம் என்பதால், பேரப்பிள்ளைப் பணம் என்பது அந்த வருஷத்தில் கையில் இருந்த பிள்ளைப் பணத்தின் சராசரிதான். காலாண்டுக் கணக்கில் கையில் இருந்த வட்டி முதலில் 0, அப்புறம் 25, 50, 75. இவற்றின் சராசரி 37.50. சரியாக அதுதான் வந்தது.

இதை ஒரு படிக்கட்டாகக் கற்பனை செய்யுங்கள். மூன்று மாதம் சமதளம், பிறகு ஒரு படி, மறுபடி சமதளம். அடிக்கடி சேர்ப்பது என்பது படிகளைச் சின்னதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுவது. மாதாமாதம் சேர்த்தால் பன்னிரண்டு குட்டிப் படிகள், சராசரி 45.83. தினமும் சேர்த்தால் 365 படிகள், சராசரி 49.86. படிகளை இன்னும் இன்னும் நுணுக்கினால் படிக்கட்டு ஒரு சாய்தளம்போல ஆகிவிடும். வருஷத் தொடக்கத்தில் 0, கடைசியில் 100, நடுவில் ஒரே சீரான ஏற்றம். அந்தச் சாய்தளத்தின் சராசரி உயரம் 50. படிக்கட்டு எப்போதும் சாய்தளத்துக்குக் கீழேயேதான் கிடக்கும், ஏனென்றால் பிறந்த வட்டி கணக்கில் ஏறுவதற்குக் கொஞ்ச நேரமாவது காத்திருக்கிறது. எனவே பேரப்பிள்ளைப் பணம் 50ஐ நெருங்கலாம், தாண்ட முடியாது.

எனக்கு இந்த விஷயம் உண்மையில் புரிந்தது இந்தப் படிக்கட்டை வரைந்து பார்த்தபோதுதான். "முடிவில்லாமல் அடிக்கடி" என்ற சொல்லில் இருந்த மிரட்சி அப்போது போய்விட்டது. அடிக்கடி சேர்ப்பதால் புதிதாக எதுவும் முளைப்பதில்லை. காத்திருக்கும் நேரம் குறைகிறது, அவ்வளவுதான். அந்த நேரம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போக முடியாது.

கொள்ளுப்பேரன்களுக்கும் இதே வழிதான். ஆனால் பேரப்பிள்ளைப் பணம் சீராக ஏறுவதில்லை. தொடக்கத்தில் மிக மெதுவாக, கடைசியில் வேகமாக ஏறுகிறது. அதனால் அதன் வருஷச் சராசரி கடைசித் தொகையில் பாதி அல்ல, மூன்றில் ஒரு பங்கு. 50இல் மூன்றில் ஒரு பங்கு 16.67. அதற்கடுத்த தலைமுறை இன்னும் தாமதமாகப் பிறப்பதால் 16.67இல் நான்கில் ஒரு பங்கு, 4.17. அடுத்தது அதில் ஐந்தில் ஒரு பங்கு, 0.83. பிறகு ஆறில் ஒன்று 0.14, ஏழில் ஒன்று 0.02. அதற்கு மேல் காசுக்கும் தேறாது.

100 + 100 + 50 + 16.67 + 4.17 + 0.83 + 0.14 + 0.02 = 271.83

நொடியை எவ்வளவு நறுக்கினாலும் நூறு ரூபாய் இதற்கு மேல் போகாது. ஒரு ரூபாய்க்கு என்று எழுதினால்

e = 1 + 1 + 1/2 + 1/6 + 1/24 + 1/120 + ... = 2.71828...

பெர்னூலியின் இரண்டரையும் மூன்றும் இங்கேயே தெரிகின்றன. முதல் மூன்று தலைமுறைகளைக் கூட்டினாலே 250. மேல் வரம்புக்கு, 50க்குப் பிறகு ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதில் பாதி என்று தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். 50, 25, 12.50 என்று போகும் அந்தத் தொடரின் மொத்தமே 100தான். உண்மையில் மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று இன்னும் வேகமாகச் சுருங்குவதால் மொத்தம் 300ஐத் தொட வாய்ப்பே இல்லை.

e என்ற எழுத்தை இந்த எண்ணுக்கு வைத்தவர் லியோனார்ட் ஆய்லர். அவரும் பாசலில் பிறந்தவர். 1731இல் கோல்ட்பாக் என்ற கணித அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் அந்த எழுத்தைப் பயன்படுத்தினார். 1748இல் வெளிவந்த தம் நூலில் இதன் மதிப்பை 23 தசம இடங்கள்வரை கொடுத்தார்: 2.71828182845904523536028. மேலே காட்டிய தலைமுறைத் தொடர்தான் இதற்கு வசதி. ஒவ்வோர் உறுப்பையும் வரிசையாக அடுத்த எண்ணால் வகுத்துக்கொண்டே போனால் போதும், இருபத்தைந்து உறுப்புகளுக்குள் கதை முடிந்துவிடும். (1828 இரண்டு முறை அடுத்தடுத்து வருவதைப் பார்த்து அது திரும்பத் திரும்ப வரும் தசமம் என்று நினைத்துவிட வேண்டாம். e ஒரு விகிதமுறா எண், அதன் தசமங்களில் முடிவற்ற மறுசுழற்சி கிடையாது.)

ஏழு சதவீத வைப்பு நிதியில்

நூறு சதவீத வட்டியை யாரும் தரப்போவதில்லை. வங்கியில் ஒரு லட்சம் ரூபாயை 7 சதவீதத்துக்குப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைமுறைக் கணக்கு அப்படியே இருக்கும், ஒவ்வொரு தலைமுறை இறங்கும்போதும் கூடுதலாக 0.07ஆல் ஒரு முறை பெருக்க வேண்டும், அவ்வளவுதான். இடைவிடாமல் சேர்த்தால் கிடைப்பது:

1,00,000 + 7,000 + 245 + 5.72 + 0.10 = 1,07,250.82

இதையே சுருக்கமாக 1,00,000 × e^0.07 என்று எழுதுவார்கள். 7 சதவீதத்துக்கு ஒரு வருஷம் வளர்வதும், 100 சதவீதத்துக்கு 0.07 வருஷம் வளர்வதும் இடைவிடாத கூட்டு வட்டியில் ஒன்றுதான். அதனால்தான் வட்டி எதுவானாலும் e என்ற அதே எண்ணே அடியில் நிற்கிறது, விகிதமும் காலமும் பெருகி மேலே அடுக்காக ஏறிக்கொள்கின்றன. r விகிதத்தில் t வருஷத்துக்கு e^(rt).

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு முறை சேர்த்தால் வட்டி 7,000. முடிவில்லாமல் சேர்த்தாலும் அதற்கு மேல் கிடைப்பது 250.82 ரூபாய் மட்டுமே. நம் வங்கிகளில் வைப்பு நிதிக்கு வழக்கமாகச் செய்வதுபோலக் காலாண்டுக்கு ஒரு முறை சேர்த்தால் அதில் 185.90 வந்துவிடும். மாதாமாதம் என்றால் 229.01. தினமும் என்றால் 250.10. தினமும் சேர்ப்பதற்கும் இடைவிடாமல் சேர்ப்பதற்கும் வித்தியாசம் 72 காசு!

பொதுவாகவே, சேர்க்கும் தடவையை இரட்டிப்பாக்கினால் எல்லைக்கு இருக்கும் தூரம் ஏறக்குறையப் பாதியாகும். எனவே பெரிய லாபமெல்லாம் முதல் சில பிரிவுகளிலேயே கிடைத்துவிடுகிறது. "தினசரிக் கூட்டு வட்டி" என்று பெரிய எழுத்தில் விளம்பரம் பார்த்தால், அதன் பக்கத்தில் இருக்கும் வட்டி விகிதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு லட்சம் ரூபாய் 20 வருஷம் கிடந்தால் 7 சதவீதத்தில், வருஷத்துக்கு ஒரு முறை சேர்த்து 3,86,968 ஆகும். இடைவிடாமல் சேர்த்தால் 4,05,520. ஆனால் வருஷத்துக்கு ஒரே முறை சேர்க்கும் இன்னொரு இடத்தில் அரை சதவீதம் கூடுதலாக, 7.5 சதவீதம் கொடுத்தால் 4,24,785. அந்த அரை சதவீதம், முடிவில்லாத தடவைகளையே தோற்கடித்துவிடுகிறது.

இங்கே பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. வட்டியைத் தினமும் கணக்கிடுவது வேறு, தினமும் அசலோடு சேர்ப்பது வேறு. இந்திய வங்கிகளில் சேமிப்புக் கணக்குக்கு 2010 ஏப்ரல் 1 முதல் அன்றாட இருப்பின்மேல் வட்டி கணக்கிடுகிறார்கள். ஆனால் அந்த வட்டி அன்றன்றைக்கு உங்கள் கணக்கில் ஏறுவதில்லை. தனியாக எழுதி வைக்கப்பட்டு, பெரும்பாலும் காலாண்டுக்கு ஒரு முறைதான் வரவு வைக்கப்படுகிறது. குட்டி போட வேண்டுமானால் வட்டி இருப்பில் ஏற வேண்டும். பாஸ்புக்கில் வட்டி வரவு எந்தத் தேதிகளில் விழுகிறது என்று பாருங்கள், n எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அப்படியானால் இடைவிடாத கூட்டு வட்டியை யாராவது நிஜமாகக் கொடுத்திருக்கிறார்களா? கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1960களிலும் 70களிலும் சேமிப்புக் கணக்குக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது என்று அரசு வரம்பு இருந்தது. விகிதத்தைக் கூட்ட வழி இல்லாத வங்கிகள், சேர்க்கும் தடவையைக் கூட்டிப் போட்டி போட்டன. காலாண்டு என்பது தினசரியாகி, கடைசியில் "இடைவிடாமல்" என்ற விளம்பரம்வரை போனது. ஐந்தேகால் சதவீத வரம்பில் இடைவிடாமல் சேர்த்தால் கிடைப்பது ஏறக்குறைய 5.39 சதவீதம். e என்ற எல்லை அங்கே வந்து நின்றுகொண்டது, அதற்கு மேல் அந்த வழியில் போக இடமில்லை.

கால்குலேட்டரில் சோதிக்கும்போது

இதைப் படித்துவிட்டு n-ஐப் பெரிதாக்கிப் பார்க்கும் ஆசை வரும், வர வேண்டும். பைத்தானில் இப்படிப் போட்டுப் பாருங்கள்:

```python
for k in (3, 6, 9, 12, 15, 16):
    n = 10**k
    print(k, (1 + 1/n)**n)
```

ஆயிரத்துக்கு 2.7169, பத்து லட்சத்துக்கு 2.71828047 என்று ஒழுங்காக வரும். நூறு கோடிக்கு 2.71828205 என்று வரும். இங்கேயே ஏதோ தவறு என்று உஷாராக வேண்டும். படிக்கட்டு சாய்தளத்துக்குக் கீழேதான் இருக்கும் என்று பார்த்தோம், ஆகவே விடை ஒருபோதும் 2.71828182...ஐத் தாண்டக் கூடாது. இது தாண்டிவிட்டது. இன்னும் போனால் 10^12க்கு 2.7185, 10^15க்கு 3.035, கடைசியில் 10^16க்கு வெறும் 1.0.

கணிதத்தில் பிழை இல்லை, பிழை எண்ணைச் சேமிக்கும் விதத்தில். கணினி ஓர் எண்ணை ஏறக்குறைய 16 இலக்கம்வரைதான் வைத்துக்கொள்ளும். 1உடன் மிகச் சின்ன 1/n-ஐக் கூட்டும்போது அந்தச் சின்ன எண்ணின் வால் வெட்டுப்படுகிறது. 10^16 வரும்போது அது முழுக்கவே காணாமல் போய், 1ஐ மட்டும் பெருக்கிக்கொண்டிருக்கிறது. வட்டியே இல்லாத கணக்கு அது. "1ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1தானே" என்ற முதல் எண்ணம் நிஜமாகவே நடக்கும் ஒரே இடம் இதுதான்.

இதற்குப் பதிலாகத் தலைமுறைத் தொடரைக் கூட்டிப் பாருங்கள்:

```python
kuttu, thalaimurai = 1.0, 1.0
for k in range(1, 18):
    thalaimurai = thalaimurai / k
    kuttu = kuttu + thalaimurai
print(kuttu)
```

பதினேழே தலைமுறையில், கணினியால் வைத்துக்கொள்ள முடிந்த அத்தனை இலக்கங்களும் ஏறக்குறைய முழுதாகச் சரியாக வந்துவிடும். முந்தைய நிரலில் கோடானுகோடி பிரிவுகள் போட்டும் கிடைக்காத துல்லியம் அது.